ஜெர்மன் சிம்மில் வாய்ஸ்மெயிலும் அழைப்பைத் திருப்புவதும்

ஜெர்மனியில் வாய்ஸ்மெயிலை 'மெயில்பாக்ஸ்' என்பார்கள். டெலிகாம் சிம்மிலிருந்து 3311, வோடஃபோன் சிம்மிலிருந்து 5500 என்று அழைத்தால் பதிவான செய்திகளைக் கேட்கலாம். மெயில்பாக்ஸ் தனிச் சேவை போலத் தோன்றினாலும், அதுவும் ஒரு அழைப்புத் திருப்பம்தான். யாரும் எடுக்காத அழைப்பை நெட்வொர்க் மெயில்பாக்ஸின் எண்ணுக்கு அனுப்பிவிடுகிறது. பின்னால் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இதை அறியாததால் வருபவை.

3311-ஐ அழைத்ததும் ஜெர்மன் குரல் பேசத் தொடங்கும். 'நோயே நாக்ரிஹ்ட்' என்றால் புதிய செய்தி. 'ட்ரூக்கன் ஸீ' என்றால் அழுத்துங்கள். எந்த எண் என்பது அதையொட்டி வரும். 'லோஷென்' என்றால் அழிப்பது, 'ஷ்பைஹெர்ன்' என்றால் சேமிப்பது. போனில் இரண்டை 'ட்ஸ்வை' என்னாமல் 'ட்ஸ்வோ' என்று சொல்வதும் உண்டு. மூன்றைக் குறிக்கும் 'ட்ரை'யோடு குழம்பாமல் இருக்கத்தான். 'ரௌட்டே' என்பது ஹாஷ், 'ஷ்டெர்ன்' என்பது நட்சத்திரம். எந்த எண் எதற்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் முதல் முறை எதையும் அழுத்தாமல் மெனுவை முழுதாகக் கேட்டு, எண்களைத் தாளில் குறித்துக்கொள்வது நல்லது. அவசரத்தில் தவறான எண்ணை அழுத்தி, கேட்காத செய்தியையே அழித்துவிட வாய்ப்புண்டு.

அழைப்பைத் திருப்ப மெனுவே வேண்டாம். எண் பலகையில் குறியீட்டைத் தட்டி, அழைப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். 20 விநாடி எடுக்காவிட்டால் பெர்லினில் உள்ள ஒரு எண்ணுக்கு அழைப்பு போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்:

```
*#61#
**61*+493023125000*11*20#
```

முதல் வரி, இப்போது அழைப்பு எங்கே திரும்புகிறது என்று கேட்கிறது. திரையில் வருவது பெரும்பாலும் மெயில்பாக்ஸின் எண். அதை எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது வரி அந்த இடத்தில் புதிய எண்ணைப் பதிக்கிறது. 11 என்பது குரல் அழைப்பை மட்டும் குறிக்கும். விநாடிகளை 5 முதல் 30 வரை ஐந்தைந்தாகத்தான் தர முடியும். இரண்டு சிம் உள்ள போனில் எந்த சிம்மிலிருந்து குறியீடு போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்போது எடுக்காத அழைப்புகள் மெயில்பாக்ஸுக்குப் போகாது. `##002#` எல்லாத் திருப்பங்களையும் ஒரேயடியாக நீக்கும் என்பதால் அதை அழைத்தாலும் இதே நிலைதான். எழுதி வைத்த எண்ணை `**61*` குறியீட்டில் திரும்பப் பதித்தால் மெயில்பாக்ஸ் மீண்டும் வேலை செய்யும்.

திருப்பிய அழைப்பின் கட்டணம் திருப்பியவர் கணக்கில் ஏறும். விடுமுறைக்குச் சென்னை வருபவர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். போன் இந்தியாவில் ஒலித்து, எடுக்காமல் போனால், அழைப்பு ஜெர்மனியிலிருந்து இங்கே வந்து மறுபடி அங்கே போகும். இரு வழிக்கும் கட்டணம் விழலாம். `**21*` குறியீடு எல்லா அழைப்புகளையும் ஜெர்மனியிலேயே திருப்பிவிடுவதால் அந்தச் செலவு இல்லை. ஊர் திரும்பியதும் `##21#` போட்டு அதை நீக்கினால்தான் போன் மறுபடி ஒலிக்கும்.