2.40 எப்படி 3.60 ஆனது?

'0.05 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 20 மி.லி. எடுத்து, நீர் சேர்த்து 250 மி.லி. ஆக்கினால், அந்தக் கரைசலின் பி.எச். என்ன?'

பிளஸ் டூ வேதியியலில் அயனிச் சமநிலை பாடம் முடித்த மாணவருக்கு இது மூன்று வரிக் கணக்கு. விடை 2.40. ஆனால் இப்படிப்பட்ட கணக்கைத் திருத்தும் ஆசிரியரின் கையில் வரும் தாள்களில் 1.30 இருக்கும், 3.60 இருக்கும், சிலவற்றில் 1.81கூட இருக்கும். எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி சிவப்புப் பெருக்கல் குறி விழுகிறது. மாணவர் தாளை வாங்கிப் பார்க்கிறார், 'கணக்கு வரவில்லை' என்று மடித்து வைத்துவிடுகிறார். அங்கேதான் நஷ்டம். இந்தத் தவறான விடைகளில் ஒன்றுகூட குருட்டாம்போக்கில் வந்ததல்ல. எந்த வரியில் கால் இடறியது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

முதலில் பி.எச். என்பது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 1909இல் கோபன்ஹேகனில் இருந்த கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் சோரன்சென் என்ற டென்மார்க் வேதியியலாளர் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு பீர் நிறுவனம் தொடங்கிய ஆய்வகம் அது. நொதிகளின் வேலை கரைசலின் அமிலத் தன்மையைப் பொறுத்து மாறியது. அந்தத் தன்மையைச் சொல்ல ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை எழுத வேண்டும். ஒரு கரைசலில் அது 0.01 என்றிருக்கும், இன்னொன்றில் 0.0000001 என்றிருக்கும். சுழியங்களை எண்ணி எண்ணி எழுதுவது பெரும்பாடு. ஆகவே அந்தச் செறிவுக்கு 10ஐ அடியாகக் கொண்ட மடக்கை எடுத்து, அதன் குறியை மாற்றி எழுதும் வழக்கத்தை அவர் கொண்டுவந்தார்.

```
pH = −log[H⁺]
```

0.01 என்பது 2 ஆயிற்று; 0.0000001 என்பது 7 ஆயிற்று. செறிவு பத்து மடங்கு குறைந்தால் பி.எச். ஒன்று கூடும். இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும், மேலே சொன்ன தவறுகளில் பெரும்பாலானவற்றைத் தாளிலேயே பிடித்துவிடலாம்.

இனி 1.30ஐ எடுத்துக்கொள்வோம். இது 0.05இன் மடக்கையிலிருந்து வந்த விடை. மடக்கை எடுத்ததில் ஒரு பிழையும் இல்லை. பிழை அதற்கு முன்பே நடந்துவிட்டது: புட்டியில் இருந்த அமிலத்தின் பி.எச்.ஐ மாணவர் கண்டுபிடித்திருக்கிறார், கேட்டதோ நீர் சேர்த்த பிறகு குடுவையில் இருக்கும் அமிலத்தின் பி.எச்.

இந்தத் தவறு நேர்வதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமை மிகுந்த அமிலம், நீரில் முழுவதும் அயனிகளாகப் பிரிந்துவிடும், ஆகவே அமிலத்தின் செறிவே ஹைட்ரஜன் அயனியின் செறிவு என்று வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அது சரிதான். முதலில் போட்டுக் காட்டும் எளிய கணக்குகளிலும் செறிவு ஒன்றுதான் கொடுக்கப்பட்டிருக்கும். அதற்கு மடக்கை எடுத்தால் வேலை முடிந்தது. பழகிய கை, வினாவில் 'மோலார்' என்ற சொல் பக்கத்தில் எந்த எண்ணைக் கண்டாலும் அதை எடுத்துச் சூத்திரத்தில் போட்டுவிடுகிறது. அசிட்டிக் அமிலம் போன்ற வலிமை குறைந்த அமிலம் என்றால் பிரிகை மாறிலி, வர்க்கமூலம் என்று வேலை இருப்பதால் மாணவர் நிதானிக்கிறார். வலிமை மிகுந்த அமிலத்தின் எளிமைதான் இங்கே கவனத்தைக் கெடுக்கிறது.

சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் அமிலத்தின் அளவை எண்ணிவிடுவது நல்ல வழக்கம். 0.05 மோலார் என்றால் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 0.05 மில்லிமோல் அமிலம் இருக்கிறது. 20 மி.லி.யில் இருப்பது 20 × 0.05, அதாவது 1 மில்லிமோல். பிப்பெட்டில் எடுத்த அந்த 1 மில்லிமோலை அளவுக் குடுவையில் விட்டு, கழுத்திலுள்ள கோடு வரை நீர் ஊற்றுகிறோம். அமிலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது இருக்கும் இடம்தான் 20 மி.லி.யிலிருந்து 250 மி.லி. ஆகப் பெரிதாகிவிட்டது. ஆகவே புதிய செறிவு 1 ÷ 250, அதாவது 0.004 மோலார்.

இந்த இடத்தில் வினாவின் மொழியையும் உற்றுப் பார்க்க வேண்டும். '250 மி.லி. ஆக்கினால்' என்பதும் '250 மி.லி. நீர் சேர்த்தால்' என்பதும் வேறு வேறு. முன்னதில் மொத்தக் கரைசல் 250 மி.லி.; பின்னதில் 20உம் 250உம் சேர்ந்து 270 மி.லி. அப்போது செறிவு 0.0037 ஆகி, பி.எச். 2.43 ஆகும். 2.43 என்று எழுதிய மாணவருக்கு வேதியியல் தெரியும், நீர்த்தலும் தெரியும். ஒரு வினைச்சொல்லைத் தவறாகப் படித்துவிட்டார். 1.30 எழுதியவரையும் அவரையும் ஒரே சிவப்புக் குறியால் திருத்துவது நியாயமில்லை.

அடுத்தது 3.60. இதை எழுதியவர் நீர்த்தலைச் சரியாகவே செய்திருக்கிறார், 0.004 வரை ஒரு குறையும் இல்லை. தடுக்கி விழுந்தது மடக்கை அட்டவணையில். அட்டவணையில் 4க்கு நேரே 0.6021 இருக்கிறது. 0.004க்கு முழு எண் பகுதி 'பார் 3'. எழுதும்போது 3̄.6021 என்று 3இன் தலைக்கு மேல் ஒரு சிறு கோடு போடுகிறோம். அந்தக் கோடு 3க்கு மட்டும் சொந்தம்; .6021 எப்போதும் நேர் எண்தான். அதாவது −3 + 0.6021. கூட்டினால் −2.398, குறியை மாற்றினால் 2.398, இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் 2.40. தலைக்கோட்டைச் சாதாரணக் கழித்தல் குறியாக நினைத்து −3.6021 என்று படித்தால்தான் 3.60 பிறக்கிறது. அட்டவணை பயன்படுத்தாதவர்களுக்கும் இந்தக் குழி உண்டு. செறிவை 4 × 10⁻³ என்று எழுதி மடக்கை எடுத்தால் log 4 − 3. வெளியே நிற்கும் கழித்தல் குறி இரண்டு உறுப்புகளையும் மாற்ற வேண்டும்: 3 − log 4. ஒன்றை மட்டும் மாற்றி 3 + log 4 என்று எழுதினால் அதே 3.60.

1.81 வந்தவர் log 4ஐயும் 3ஐயும் பெருக்கிவிட்டார். பெருக்கலின் மடக்கை கூட்டல் என்ற விதி அந்த நேரத்தில் நழுவிவிட்டது. கல்லூரி ஆய்வகத்தில் கால்குலேட்டர் வைத்துப் போடுபவர்களிடம் 5.52 என்று ஒரு விடை வருவதும் உண்டு. அவர்கள் log பொத்தானுக்குப் பதிலாகப் பக்கத்திலுள்ள ln பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அது 10ஐ அடியாகக் கொண்ட மடக்கை அல்ல. 5.52ஐ 2.303ஆல் வகுத்தால் 2.40 திரும்ப வந்துவிடும்.

இத்தனையும் விடை எழுதியபின் அரை நிமிடத்தில் சரிபார்க்கக் கூடியவை. 0.004 என்பது 0.01க்கும் 0.001க்கும் இடைப்பட்ட எண். அவற்றின் பி.எச். 2உம் 3உம். ஆகவே விடை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும், 3.60, 1.81, 5.52 மூன்றும் அங்கேயே அடிபட்டுப் போகின்றன. நீர்த்தலின் பக்கமிருந்தும் பார்க்கலாம். 20ஐ 250 ஆக்கியது பன்னிரண்டரை மடங்கு. பத்து மடங்குக்குப் பி.எச். ஒன்று கூடும் என்றால், பன்னிரண்டரை மடங்குக்கு ஒன்றுக்குச் சற்று அதிகமாகக் கூட வேண்டும். புட்டியில் 1.30 இருந்தது, குடுவையில் 2.40. பொருந்துகிறது. 3.60 வர வேண்டுமானால் அந்த 1 மில்லிமோல் அமிலத்தை நான்கு லிட்டர் நீரில் கரைத்திருக்க வேண்டும்!

நீர்த்தலும் மடக்கையும் ஒன்றாகச் சேர்ந்து ஏமாற்றும் கணக்கும் ஒன்று உண்டு. பி.எச். 1 உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பி.எச். 3 உள்ளதையும் சம அளவில் கலந்தால் என்ன கிடைக்கும்? 'இரண்டு' என்று நாக்கு முந்திக்கொள்ளும். பி.எச். எண்களைச் சராசரி எடுக்கக் கூடாது; அவை மடக்கைகள். உண்மையான செறிவுகள் 0.1உம் 0.001உம். சம அளவு கலந்தால் 0.101இன் பாதி, 0.0505 மோலார். அதன் பி.எச். 1.30. இரண்டாவது அமிலம் முதலாவதோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய வெறும் நீர்தான். அது செய்த வேலை முதல் அமிலத்தை இரண்டு மடங்கு நீர்த்தது மட்டுமே. 2இன் மடக்கை 0.30 என்பதால், பி.எச். 1இலிருந்து 1.30க்கு நகர்ந்தது.

நீர்த்தல் விதிக்கும் ஓர் எல்லை இருக்கிறது. பத்துப் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போய் 10⁻⁸ மோலார் ஆக்கினால், சூத்திரம் பி.எச். 8 என்று சொல்லும். அமிலத்தில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது காரமாகிவிடாது என்பது அறிவுக்குத் தெரியும். அந்த அளவுக்கு நீர்த்தபின் அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனியைவிட நீரே தரும் அயனி அதிகம். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் 25 டிகிரி செல்சியஸில் விடை 6.98. அமிலத்தின் செறிவு 10⁻⁶க்குக் கீழே இறங்கினாலே நீரைக் கணக்கில் சேர்க்கத் தொடங்க வேண்டும்.

நீட் தேர்வில் இந்தத் தடுமாற்றங்களுக்கு விலை அதிகம். அங்கே கால்குலேட்டர் கிடையாது. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். வினா தயாரிப்பவர்களுக்கு மாணவர் எங்கே வழுக்குவார் என்பதும் தெரியும். 1.30, 3.60 போன்ற எண்கள் விருப்ப விடைகளில் தயாராக உட்கார்ந்திருக்கும். தன் விடை அந்த நான்கில் ஒன்றாக இருப்பதைப் பார்த்து நிம்மதியாகக் குறித்துவிட்டு வருபவர், வீட்டுக்கு வந்து விடைக்குறிப்பைப் பார்க்கும்போதுதான் திகைக்கிறார். விருப்ப விடைகளுள் ஒன்றோடு பொருந்துவது கணக்கு சரி என்பதற்குச் சாட்சியல்ல.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு: சிவப்புக் குறியின் பக்கத்தில் 'நீர்த்தல்' அல்லது 'மடக்கை' என்று ஒரு சொல் எழுதிக் கொடுங்கள். மாணவர்கள் இன்றே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 0.3 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மி.லி. எடுத்து, நீர் சேர்த்து 500 மி.லி. ஆக்குங்கள், 6இன் மடக்கை 0.778. விடை 2.22. உங்களுக்கு 0.52 வந்திருந்தால் நீர்த்தலை மறந்திருக்கிறீர்கள்; 3.78 வந்திருந்தால் மடக்கையில் குறியைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.