மூன்று வரிசை, ஒரே மரம்: எழுதிய விடையைச் சோதிப்பது எப்படி?

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தேர்வில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி ஒன்று உண்டு. சில எண்களைக் கொடுத்து, அவற்றை அதே வரிசையில் ஒவ்வொன்றாக நுழைத்து ஒரு பைனரி சர்ச் ட்ரீ வரையச் சொல்வார்கள். வரைந்தபின் அதன் இன்-ஆர்டர், ப்ரீ-ஆர்டர், போஸ்ட்-ஆர்டர் மூன்றையும் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் நேரம் மிச்சமிருந்தால், பெரும்பாலானோர் அதே மரத்தை அதே வழியில் இன்னொரு முறை சுற்றி வந்து பார்ப்பார்கள். முதல் முறை கண் எங்கே தவறியதோ, இரண்டாம் முறையும் அங்கேதான் தவறும். சரிபார்ப்பதென்றால் விடை எழுதிய வழியில் போகாமல் வேறொரு பக்கத்திலிருந்து வர வேண்டும். அதற்கான வழி அந்த மரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். எண்கள் 45, 20, 60, 35, 75, 10, 40, 68, 27. முதலில் வரும் 45தான் ரூட். அதற்குப் பின் வரும் எந்த எண்ணும் ரூட்டிலிருந்து தொடங்கி, சிறியதென்றால் இடப்பக்கம், பெரியதென்றால் வலப்பக்கம் என்று இறங்கிப் போய், முதலில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அங்கே உட்காரும். கிடைக்கும் படம் இது:

```
          45
        /    \
      20      60
     /  \       \
   10    35      75
        /  \    /
      27   40  68
```

மூன்று வரிசைகளுக்கும் விதி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொரு நோடிலும் இடக்கிளையை முடித்துவிட்டுத்தான் வலக்கிளைக்குப் போக வேண்டும். அந்த நோடின் எண்ணை எப்போது எழுதுகிறோம் என்பதில் மட்டுமே வேறுபாடு. இரண்டு கிளைகளுக்கும் முன்பே எழுதினால் ப்ரீ-ஆர்டர், இரண்டுக்கும் நடுவில் எழுதினால் இன்-ஆர்டர், இரண்டும் முடிந்தபின் எழுதினால் போஸ்ட்-ஆர்டர். நம் மரத்துக்கு விடைகள்:

இன்-ஆர்டர்: 10, 20, 27, 35, 40, 45, 60, 68, 75
ப்ரீ-ஆர்டர்: 45, 20, 10, 35, 27, 40, 60, 75, 68
போஸ்ட்-ஆர்டர்: 10, 27, 40, 35, 20, 68, 75, 60, 45

பைனரி சர்ச் ட்ரீயின் இன்-ஆர்டர் ஏறுவரிசையில்தான் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. படத்தைப் பார்க்காமலேயே எண்களை ஏறுவரிசையில் அடுக்கி எழுதிவிட்டு, ‘இன்-ஆர்டர் சரி’ என்று டிக் போட்டால் எதையும் சோதித்ததாகாது. படம் தப்பாக இருந்தாலும் அந்த வரி சரியாகவே இருக்கும். இந்தச் சோதனைக்குப் பயன் வேண்டுமென்றால், விரலைப் படத்தின் மேல் வைத்து, கிளை கிளையாகப் படித்து எழுத வேண்டும். அதன் பிறகு அது ஏறுவரிசையில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்படிச் செய்தால் அகப்படும் தவறு எது? 68ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 60க்கு இடப்பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்ததும், அங்கே 68ஐ ஒட்டிவிடும் மாணவர்கள் இருக்கிறார்கள். படத்திலிருந்து படித்தால் 45, 68, 60, 75 என்று வரும். ஏறிக்கொண்டிருந்த வரிசை 60இல் இறங்குகிறது. எங்கே இறங்குகிறதோ அதன் அக்கம்பக்கத்தில்தான் படம் கெட்டிருக்கிறது.

ஆனால் இன்-ஆர்டரால் பிடிக்கவே முடியாத தவறும் ஒன்று உண்டு. கேள்வியைப் படிக்கும் அவசரத்தில் 35க்கு முன்பே 40ஐ நுழைத்துவிட்டார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 20க்கு வலப்பக்கம் 40 உட்காரும். அதன் இடப்பக்கம் 35, அதற்கும் இடப்பக்கம் 27. இதுவும் முறையான பைனரி சர்ச் ட்ரீதான். இன்-ஆர்டரும் பிசகில்லாத ஏறுவரிசை. ஆனால் கேட்ட மரம் இதில்லை. ப்ரீ-ஆர்டர், போஸ்ட்-ஆர்டர் இரண்டும் தானாகவே தப்பாகிவிடும், அவற்றை எவ்வளவு கவனமாக எழுதினாலும் சரி.

இதற்கு வேறு சோதனை வேண்டும். படத்தில் மேலே இருக்கும் நோட், தன் கீழே தொங்கும் நோடைவிடக் கேள்வித்தாளின் பட்டியலில் முன்னால் வந்திருக்க வேண்டும். ஏனென்றால் முதலில் வந்து உட்கார்ந்தவரின் கீழேதான் பின்னால் வருபவர் இடம் பிடிக்க முடியும். ஒவ்வொரு கோடாகப் பாருங்கள்: 45க்குக் கீழே 20, பட்டியலில் 45 முன்னால், சரி. 20க்குக் கீழே 35, சரி. தப்பான படத்தில் 40க்குக் கீழே 35 இருக்கிறது, பட்டியலிலோ 35 நான்காவது, 40 ஏழாவது. இங்கே பிடிபட்டுவிட்டது. ஒன்பது நோட் உள்ள மரத்தில் எட்டுக் கோடுகள்தான், எட்டையும் பார்க்க அதிக நேரம் ஆகாது. எல்லா எண்களும் படத்தில் இருந்து, படத்திலிருந்து படித்த இன்-ஆர்டரும் ஏறுவரிசையில் வந்து, எட்டுக் கோடுகளும் இந்தச் சோதனையில் தேறிவிட்டால் படம் உறுதியாகச் சரி. இரண்டு நிபந்தனைகளுக்கும் சேர்ந்து ஒத்துப்போகும் மரம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும்.

படம் சரி என்றானபின் வரிசைகளுக்கு வருவோம். மதிப்பெண் அதிகம் போவது போஸ்ட்-ஆர்டரில் என்பது என் எண்ணம், அதனால் அதையே விரிவாகப் பார்க்கலாம். ரூட் கடைசியில் வர வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எழுதுபவர்கள் பல விதமாகச் சறுக்குகிறார்கள். ஒருவர் ப்ரீ-ஆர்டரை அப்படியே திருப்பி எழுதுவார்: 68, 75, 60, 40, 27, 35, 10, 20, 45. இன்னொருவர் அடித்தளத்திலிருந்து மாடி மாடியாக ஏறுவார்: 27, 40, 68, 10, 35, 75, 20, 60, 45. இரண்டிலும் 45 கடைசியில்தான் இருக்கிறது. இரண்டிலும் பிள்ளைகளுக்குப் பின்னால்தான் பெற்றோர் வருகிறார்கள். பார்த்தால் சரிபோலவே இருக்கும்.

இவற்றைச் சட்டென்று காட்டிக்கொடுப்பவை இலைகள், அதாவது கீழே பிள்ளையே இல்லாத நோட்கள். நம் மரத்தில் இடமிருந்து வலமாக அவை 10, 27, 40, 68. மூன்று வரிசைகளிலும் இடக்கிளை முடிந்துதான் வலக்கிளை என்பதால், இலைகள் மூன்றிலும் இதே ஒழுங்கில்தான் வர முடியும். மேலே உள்ள மூன்று சரியான விடைகளிலும் இந்த நான்கு எண்களுக்கு மட்டும் பென்சிலால் வட்டமிட்டுப் பாருங்கள், ஒழுங்கு மாறாது. திருப்பி எழுதிய விடையில் அது 68, 40, 27, 10. மாடி மாடியாக எழுதியதில் 27, 40, 68, 10. இரண்டும் அங்கேயே விழுந்துவிடுகின்றன.

இலைச் சோதனை விரைவானது, ஆனால் முழுமையானது இல்லை. 10ஐ எழுதியதும் அதன் மேலே இருக்கும் 20ஐயும் கையோடு எழுதிவிடுவது இன்-ஆர்டர் பழக்கம். அதன் விளைவு 10, 20, 27, 40, 35, 68, 75, 60, 45. இலைகள் ஒழுங்காக இருக்கின்றன, ரூட்டும் கடைசியில் இருக்கிறது, ஆனாலும் விடை தவறு. 20க்கு வலக்கிளை இன்னும் முடியவில்லை.

இதையும் விடாமல் பிடிக்க, எழுதிய வரிசையை வெட்டி மரத்தைத் திரும்பக் கட்டிப் பார்க்க வேண்டும். போஸ்ட்-ஆர்டரில் எந்தத் துண்டை எடுத்தாலும் கடைசி எண்தான் அந்தத் துண்டின் தலை. மீதி எண்களில் தலையைவிடச் சிறியவை எல்லாம் முதலிலும் பெரியவை எல்லாம் பிறகும் நிற்க வேண்டும். இடையில் கலந்தால் விடை தவறு. சரியான விடையில் 45ஐ எடுத்துவிட்டால் 10, 27, 40, 35, 20 ஒரு துண்டு, 68, 75, 60 மறு துண்டு. முதல் துண்டின் தலை 20, படத்தில் 45க்கு இடப்பக்கம் இருப்பதும் 20. அதை எடுத்தால் 10 தனியாகவும் 27, 40, 35 தனியாகவும் பிரியும். அதில் 35 தலை, 27 இடம், 40 வலம். மறு துண்டில் 60 தலை, மீதி இரண்டும் அதைவிடப் பெரியவை, எனவே இடக்கிளை இல்லை. 75 தலை, 68 இடம். படம் அப்படியே திரும்ப வந்துவிட்டது.

தவறான விடையை வெட்டினால் 45ஐ எடுத்தபின் முதல் துண்டு 10, 20, 27, 40, 35. இதன் தலை 35. படத்தில் அந்த இடத்தில் இருப்பதோ 20. அங்கேயே நின்றுவிடலாம். ப்ரீ-ஆர்டருக்கும் இதே வெட்டுதான், தலை மட்டும் துண்டின் கடைசியில் இல்லாமல் முதலில் இருக்கும்.

60 போன்ற ஒற்றைப் பிள்ளை நோட்களிடம் தனியாக ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது. ஒரே பிள்ளைதானே என்று அதை இடப்பிள்ளையாக நினைத்துவிட்டால் இன்-ஆர்டர் 68, 75, 60 என்று முடியும். இடக்கிளை காலி என்றால் அந்தப் படி முடிந்துவிட்டது என்று பொருள், உடனே 60ஐ எழுதிவிட்டு வலப்பக்கம் போக வேண்டும். வரையும்போது கோட்டைச் செங்குத்தாக இறக்காமல் தெளிவாக வலப்பக்கம் சாய்த்துப் போட்டால் இந்தக் குழப்பம் பாதி குறையும்.

வெட்டிப் பார்க்கும் முறை படமே இல்லாத கேள்விக்கும் உதவும். 2020 கேட் தேர்வில் 15, 10, 12, 11, 20, 18, 16, 19 என்ற ப்ரீ-ஆர்டரை மட்டும் கொடுத்துப் போஸ்ட்-ஆர்டரைக் கேட்டார்கள். தலை 15. சிறியவை 10, 12, 11. பெரியவை 20, 18, 16, 19. இப்படியே வெட்டிக்கொண்டு போனால் 11, 12, 10, 16, 19, 18, 20, 15 என்று விடை வந்துவிடும். இலைகள் 11, 16, 19, இரண்டு வரிசையிலும் அதே ஒழுங்கு.

இவ்வளவும் மரம் பைனரி சர்ச் ட்ரீயாக இருக்கும் வரைதான். சில கேள்விகளில் படத்தை அவர்களே வரைந்து கொடுத்து, வெறும் பைனரி ட்ரீ என்று மட்டும் குறிப்பிட்டிருப்பார்கள். 45க்கு இடக்கிளையில் எங்கோ ஆழத்தில் ஒரு 50 இருக்கும். அங்கே இன்-ஆர்டர் ஏறுவரிசையில் வராது, வரவும் கூடாது. பெரியது சிறியது பார்த்து வெட்டும் முறையும் அங்கே செல்லாது. இலைச் சோதனை மட்டும் எந்தப் பைனரி ட்ரீக்கும் பொருந்தும், ஏனென்றால் அது எண்ணின் அளவைப் பார்ப்பதில்லை, இடத்தை மட்டுமே பார்க்கிறது. ஆகவே கொடுத்த படம் என்றால், விடை எழுதத் தொடங்குமுன் இடக்கிளை முழுவதும் ரூட்டைவிடச் சிறியதா, வலக்கிளை முழுவதும் பெரியதா, ஒவ்வொரு நோடிலும் அப்படியேதானா என்று மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.