விரிசல் விட்ட குவிமாடமும் ஒரு தொங்கும் நூலும்

ரோம் நகரில் உள்ள புனித பேதுரு பெருங்கோயிலின் குவிமாடம் 1590-இல் கட்டி முடிக்கப்பட்டது. மைக்கலாஞ்சலோ வடிவமைத்தது, அவர் இறந்த பின் ஜாக்கொமோ தெல்லா போர்த்தா முடித்தார். உள்விட்டம் 42 மீட்டர் அளவு. நூற்றைம்பது ஆண்டுகளில் அதன் உடம்பெங்கும் விரிசல்கள். அடிவாரத்தில் அகலமாகத் தொடங்கி, உச்சியை நோக்கி ஏறி, மேலே போகப் போக மெலிந்து மறையும் விரிசல்கள். 1742-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் மூன்று கணித அறிஞர்களிடம் கருத்துக் கேட்டார். இருக்கிற இரும்பு வளையங்கள் போதவே போதாது, குவிமாடம் அபாயத்தில் இருக்கிறது என்று அவர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு பதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜொவான்னி பொலேனி அழைக்கப்பட்டார். அவர் கையில் எடுத்தது ஒரு நூலும் சில எடைக்குண்டுகளும்.

அந்த நூலின் பின்னால் இருந்த எண்ணம் ராபர்ட் ஹூக்குடையது. ஒரு சங்கிலியை இரண்டு முனைகளிலும் பிடித்துத் தொங்கவிட்டால் அது தானாக ஒரு வளைவை எடுத்துக்கொள்ளும். அதன் ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியை இழுக்கிறது. இழுவையைத் தவிர வேறு எதுவும் அதில் இல்லை. அதே வளைவைத் தலைகீழாகக் கவிழ்த்தால் இழுவை எல்லாம் அழுத்தமாக மாறிவிடும். கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பிரிந்துவிடும். ஆகவே கல்வளைவு நிற்க வேண்டுமானால் கவிழ்த்த சங்கிலி அதன் தடிப்புக்குள் அடங்க வேண்டும். ஹூக் இதை 1675-இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டார். இன்று பொறியாளர்கள் அந்தக் கவிழ்த்த சங்கிலியை உதைப்புக் கோடு என்று சொல்லலாம். கூரையின் பாரம் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கைமாறி, சுவர் வழியாக அடித்தளத்துக்கு இறங்கும் பாதை அது. நேராகக் கீழே இறங்காமல் சாய்ந்து இறங்குவதால் சுவரை வெளிப்பக்கமாக உதைக்கிறது, பெயர் அதனால்தான்.

பொலேனி செய்தது இது. விரிசல் விட்ட குவிமாடத்தை அதன் விரிசல்களோடு அப்படியே ஏற்றுக்கொண்டார். மேலிருந்து கீழாகப் பிளந்துவிட்டது என்றால், அது உரித்த ஆரஞ்சுப் பழம்போல 50 சுளைகளாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரெதிர்ச் சுளைகள் இரண்டு உச்சியில் தலையோடு தலை சாய்ந்து நிற்கின்றனவா என்று மட்டும் பார்ப்போம் என்றார். ஒரு ஜோடியை 32 துண்டுகளாகக் கற்பனையில் பிரித்து, ஒவ்வொரு துண்டின் எடைக்கும் ஏற்ற விகிதத்தில் ஒரு குண்டை நூலில் கோத்தார். குண்டுகள் சம எடையில் இல்லை. சுளை உச்சியில் குறுகி அடியில் அகல்வதால் கீழே போகப் போக எடை கூடும். உச்சியில் நிற்கும் சிறு மாடத்தின் பாரத்தையும் மறக்காமல் சேர்த்தார். நூலைத் தொங்கவிட்டு, அது எடுத்த வளைவைக் கவிழ்த்து, குவிமாடத்தின் குறுக்குவெட்டுப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தார். கோடு முழுக்கக் கல்லின் தடிப்புக்குள்ளேயே ஓடியது. சுளைகளாகப் பிரிந்த நிலையிலும் குவிமாடம் நிற்கும் என்பது இதன் பொருள்.

இந்தச் சோதனையின் பலம் எங்கே இருக்கிறது என்பதை இருபதாம் நூற்றாண்டில் ஜாக் ஹேமன் தெளிவாக்கினார். கல்லுக்குள் உண்மையான உதைப்புக் கோடு எந்த இடத்தில் ஓடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. காலை வெயிலுக்கே அது சற்று நகரும். ஆனால் அது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. தடிப்புக்குள் அடங்கும் ஒரே ஒரு கோட்டையாவது நம்மால் வரைந்து காட்ட முடிந்தால் போதும், கட்டடம் தனக்கு ஒரு வழியைக் கண்டுகொள்ளும். இதற்கு மூன்று நிபந்தனைகள்: சாந்து இழுவையைத் தாங்காது என்று வைத்துக்கொள்ள வேண்டும், கல் நசுங்கக் கூடாது, கல்மேல் கல் வழுக்கக் கூடாது. பழைய கட்டடங்களில் கடைசி இரண்டும் பெரும்பாலும் நிறைவேறும். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், நீர் கசிந்து சாந்து மணலாகப் பொடிந்த இடங்களில் அது நடக்காது. அங்கே கோடு வரைவதற்கு முன் சாந்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

நூலுக்குப் பதிலாகத் தாளிலும் பென்சிலிலும் இதே வேலையைச் செய்யலாம். 4 மீட்டர் அகலத்தை மூடும் ஒரு செங்கல் வளைகூரையை எடுத்துக்கொள்வோம். நடுவில் எழுச்சி 1 மீட்டர், தடிப்பு 23 சென்டிமீட்டர், அதாவது ஒரு செங்கல் நீளம். கூரையின் நீளவாக்கில் 1 மீட்டர் பட்டையை மட்டும் தனியே கற்பனை செய்வோம். முதல் வேலை, உண்மையான வடிவத்தை அளப்பது. பழைய வரைபடத்தை நம்பக் கூடாது; நூறாண்டுகளில் உச்சி தாழ்ந்திருக்கும், சுவர் நகர்ந்திருக்கும். அதை அளவு மாறாமல் வரைந்து, செங்குத்துக் கோடுகளால் பத்துப் பன்னிரண்டு பத்தைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பத்தையிலும் செங்கல், மேலே கொட்டிய நிரப்பு மண், தளம் எல்லாவற்றின் எடையையும் கூட்டி, எடை மையத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட வேண்டும்.

பிறகு படத்தின் பக்கத்தில் இன்னொரு படம். எல்லா எடைகளையும் வரிசையாக, ஒரு டன்னுக்கு இத்தனை சென்டிமீட்டர் என்ற அளவில் ஒரே செங்குத்துக் கோட்டில் அடுக்குங்கள். கோட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு புள்ளியைத் தேர்ந்து, எடைகள் பிரியும் இடங்களிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கதிர்கள் இழுங்கள். இப்போது கூரைப் படத்துக்குத் திரும்பி, அந்தக் கதிர்களுக்கு இணையாக ஒரு பத்தையிலிருந்து அடுத்த பத்தைக்குக் கோடுகளைத் தொடர்ந்தால் உதைப்புக் கோடு கிடைத்துவிடும். புள்ளியைச் செங்குத்துக் கோட்டுக்கு அருகே கொண்டுபோனால் கோடு செங்குத்தாக எழும். தள்ளிக்கொண்டு போனால் தட்டையாகும். அந்தத் தூரமே கிடைமட்ட உதைப்பின் அளவு. பொலேனியின் நூலை இறுக்கியும் தளர்த்தியும் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான்.

பாரம் ஏறத்தாழ ஒரே சீராக இருந்தால் உதைப்பை ஒரே வரியில் சரிபார்த்துக்கொள்ளலாம்:

H = w × L² / (8 × f)

w என்பது ஒரு மீட்டர் அகலத்தில் விழும் பாரம், L அகலம், f எழுச்சி. நம் கூரையில் பாரம் மீட்டருக்கு 1 டன் என்று வைத்தால், 1 × 16 ÷ 8, அதாவது 2 டன் உதைப்பு. எழுச்சி அரை மீட்டராக இருந்திருந்தால் 4 டன். கூரை தட்டையாகத் தட்டையாகச் சுவரை உதைப்பது கூடும். உச்சியில் இந்த 2 டன் 2,300 சதுர சென்டிமீட்டர் செங்கல் பரப்பில் விழுகிறது; சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகூட வரவில்லை. செங்கல் நசுங்குமோ என்று பலரும் கேட்கிறார்கள். கவலை அங்கே இல்லை, சுவரில் இருக்கிறது.

அந்தச் சுவர் 60 சென்டிமீட்டர் தடிப்பு என்று கொள்வோம். கூரை அதன் உள்முகத்துக்கு அருகே 2 டன் பாரத்தைக் கீழ்நோக்கியும் 2 டன்னை வெளிநோக்கியும் தருகிறது. சுவரின் சொந்த எடையையும் சேர்த்துக்கொண்டு கோட்டைக் கீழே தொடர்ந்தால், கூரை உட்காரும் இடத்திலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் இறங்கும்போதே அது சுவரின் வெளிமுகத்தை எட்டிவிடுகிறது. சுவரோ 3 மீட்டர் உயரம். தனியாக இருந்தால் அந்தச் சுவரால் நிற்க முடியாது. அப்படிப்பட்ட கூரைகள் நிற்கின்றன என்றால், மறுபக்கத்திலிருந்து இன்னொரு வளைகூரை எதிர்த்து உதைக்கிறது, அல்லது வெளியே அணைசுவர் இருக்கிறது, அல்லது மேல்மாடியின் எடை கோட்டைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, அல்லது சுவருக்குச் சுவர் ஓர் இரும்புக் கம்பி கட்டியிருக்கிறது. பழைய மண்டபத்தில் தலைக்கு மேலே ஓடும் அந்தக் கம்பியை அழகுக்கு இடைஞ்சல் என்று அறுப்பவர்களும், வரிசையின் கடைசி அறையை இடிப்பவர்களும் எதை எடுத்துவிட்டோம் என்று தெரியாமலே செய்கிறார்கள்.

இனி விரிசலைப் படிக்கலாம். சுவர்கள் சிறிது விலகினால் வளைகூரை அந்தக் கூடுதல் அகலத்துக்கு ஏற்பத் தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். உச்சியில் கீழ்ப்பக்கம் வாய் திறக்கும். இரு தோள்களிலும் மேல்பக்கம் திறக்கும், ஆனால் நிரப்பு மண் மூடியிருப்பதால் அது நம் கண்ணில் படாது. விரிசல் திறந்த பக்கத்துக்கு எதிர்முனையில் கற்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கீல்போல வேலை செய்கின்றன. உதைப்புக் கோடு அந்தக் கீல்கள் வழியேதான் போகிறது. மூன்று கீல்கள் உள்ள வளைவு உறுதியாக நிற்கும். நான்காவது கீல் எழுந்தால்தான் வளைவு மடங்கும். ஆகவே விரிசல்கள் எத்தனை என்பதைவிட எந்த இடத்தில், எந்தப் பக்கம் திறந்திருக்கின்றன என்று குறிப்பது முக்கியம். படத்தில் கோடு எங்கும் தடிப்பின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் ஓடினால் திறப்புக்கே இடமில்லை. விளிம்பை உரசினால் அங்கே கீல் எழும்.

குவிமாடத்தில் கதை சற்று வேறு. ஒரே தடிப்புள்ள அரைக்கோளத்தில் உச்சியிலிருந்து சுமார் 52 பாகை வரை சுற்றுவட்டம் அழுத்தத்தில் இருக்கும். அதற்குக் கீழே வட்டம் விரியப் பார்க்கும், கல் இழுவையைத் தாங்காமல் பிளக்கும். புனித பேதுரு கோயிலின் விரிசல்கள் அடியில் தடித்து மேலே மறைந்ததற்குக் காரணம் இதுதான். இவ்வகை விரிசல் எல்லாப் பெரிய குவிமாடங்களுக்கும் வயதோடு வரக்கூடியது. பயப்பட வேண்டியது, சுளைகளை ஏந்தும் கீழ்ச்சுவர் இன்னும் வெளியே சாய்ந்துகொண்டிருக்கிறதா என்பதற்குத்தான். அதைக் கோடு சொல்லாது. ஒரு தூக்குக்குண்டும் ஓர் ஆண்டுப் பொறுமையும் சொல்லும். விரிசலின் குறுக்கே கண்ணாடிப் பட்டை ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள், இரு புறமும் ஆணி அடித்து இடைவெளியை மாதந்தோறும் அளந்து வாருங்கள். வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் அது மூடித் திறப்பது இயல்பு. ஆண்டு முழுதும் ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால்தான் அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். விளிம்புகளில் பழைய தூசும் வெள்ளையும் படிந்திருந்தால் காயம் பழசு. துடைத்தாற்போல் பளிச்சென்று இருந்தால் புதிது.

பொலேனி தன் கோட்டை மட்டும் நம்பி நின்றுவிடவில்லை. குவிமாடம் விழாது என்று நிறுவிய அவரே, கீழே இருந்த சுவரின் விரிவைத் தடுக்க இரும்பு வளையங்கள் சேர்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். கட்டடக்கலைஞர் வான்வித்தெல்லி 1743-44-இல் ஐந்து வளையங்களைப் பூட்டினார். பழைய வளையம் ஒன்று அறுந்து கிடப்பது தெரியவந்ததால் 1748-இல் ஆறாவதும் ஏறியது. அதே ஆண்டு பொலேனி தன் நூலை வெளியிட்டார்.

உங்கள் ஊர்ப் பழைய மண்டபத்திலோ மசூதியிலோ தேவாலயத்திலோ விரிசல் தெரிந்தால், சிமெண்ட் கலவையைக் குழைத்து அதை மூடிவிடாதீர்கள். மூடிவிட்டால் அது வளர்கிறதா என்பது யாருக்கும் தெரியாமல் போகும். முதலில் சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள்.