உங்களுக்குத் தெரியுமா? இமை முடியும் விளக்கெண்ணெயும்

காரைக்காலில் படுக்கப் போகும்முன் இமையில் விளக்கெண்ணெய் தடவும் வீடுகள் இன்றும் உண்டு. அதனால் இமை முடி நீளும் என்று தரமான மருத்துவ ஆய்வு எதுவும் நிரூபித்ததில்லை. எண்ணெய்ப் பளபளப்பில் முடி கருமையாக, அடர்த்தியாகத் தெரியும். முகம் கழுவினால் பழையபடிதான்.

முடியை உண்மையில் வளர்ப்பது பைமேட்டோபிராஸ்ட். இது கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்து. போட்டவர்களுக்கு இமை முடி நீண்டதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்தப் பக்கவிளைவே பயனாகி, 2008 டிசம்பரில் அமெரிக்கா இதை இமை முடிக்கென அனுமதித்தது. இரவில் ஒரு சொட்டு, மேல் இமை ஓரத்தில் மட்டும். முழுப் பலன் தெரிய சுமார் 16 வாரம் ஆகும். நிறுத்தினால் முடி மெல்லப் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். கண் சிவக்கலாம், அரிக்கலாம், இமைத் தோல் கறுக்கலாம். இவை பெரும்பாலும் மருந்தை நிறுத்தியதும் குறையும். ஆனால் கருவிழியின் நிறம் பழுப்பானால் அது பெரும்பாலும் மாறாமலே நின்றுவிடும். (நம்மூர்க் கண்கள் ஏற்கெனவே பழுப்பு என்பதால் அந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியாது.) கடையில் விற்கும் சில 'சீரங்களிலும்' இதே குடும்பத்து மருந்துப்பொருள் இருப்பதுண்டு. உட்பொருளின் பெயர் 'பிராஸ்ட்' என்று முடிந்தாலோ, அதில் 'கிளோபிராஸ்ட்' என்று வந்தாலோ அது வெறும் அழகுப்பொருள் அல்ல.

விளக்கெண்ணெயும் சிலருக்கு ஒவ்வாது. கடலோரப் புழுக்கத்தில் வியர்வையோடு கண்ணுக்குள் வழிந்தால் பார்வை மங்கும். காலையில் இமை வீங்கித் தோல் செதிலாக உரிந்தால், அன்றே நிறுத்திவிடுங்கள்.