அலமாரிக்குள் வேகும் ரவுட்டர்

காலையில் சீராக ஓடும் இணையம் மாலையில் திணறினால், பலரும் முதலில் இணைய நிறுவனத்தைத்தான் அழைக்கிறார்கள். அதற்கு முன் டிவி அலமாரியின் கதவைத் திறந்து பாருங்கள். செட்டாப் பாக்ஸின் மேலேயே ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறதா?

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சுற்றுக்காற்றுக்கென வடிவமைக்கப்பட்டவை. உள்ளே விசிறி கிடையாது. உடலிலுள்ள துளைகள் வழியே சூடான காற்று தானாக மேலேறி வெளியேற வேண்டும். மூடிய அலமாரியில் அந்தக் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. கோடையில் அறையே 35 டிகிரி என்றால், உள்ளே 40ஐத் தாண்டுவது எளிது. அப்போது சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கலாம். சில சமயம் ரவுட்டரே அணைந்து எழும்.

உறுதிசெய்ய, ரவுட்டரை இரண்டு மூன்று நாள் வெளியே வைத்துப் பாருங்கள். திணறல் நின்றால் காரணம் பெரும்பாலும் சூடுதான். தொடர்ந்தால் இணைப்பைச் சந்தேகிக்கலாம்.

திறந்த அலமாரித் தட்டே சிறந்த இடம். வைஃபை சிக்னலுக்கும் அதுவே நல்லது. உள்ளேதான் வைத்தாக வேண்டுமென்றால், பின்பலகையில் கீழே ஒரு துளையும் மேலே ஒரு துளையும் போடச் சொல்லுங்கள். மேல் துளை மட்டும் போதாது, குளிர்ந்த காற்று நுழைய வழி வேண்டும்.