படத்தில் காலியாகத் தெரியும் இடம்

எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் ஒருநாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். அறிவியல் புத்தகத்தில் இருக்கும் தாவர செல் படம். "சித்தி, நாளைக்கு டெஸ்ட். இதுல எது எதுன்னே புரியல" என்று கீழே ஒரு வரி. பெரிதாக்கிப் பார்த்தேன், எனக்கும் புரியவில்லை. புத்தகத்தின் தையல் பக்கம் வளைந்திருந்ததால், இடது பக்கப் பெயர்களிலிருந்து கிளம்பிய கோடுகள் மடிப்புக்குள் போய் மறைந்துவிட்டன. வலது பக்கத்தில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு இரண்டு பெயர்கள் வெளுத்துப் போயிருந்தன.

பெயர் குறித்த படத்தில் முதலில் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, பெயரிலிருந்து போகும் கோடு எங்கே முடிகிறது என்பதை. கோடு ஐந்தாறு உறுப்புகளைக் கடந்து போகலாம். அதன் நுனி எதைத் தொடுகிறதோ அதற்குத்தான் அந்தப் பெயர். அதனால் புத்தகத்தை மேசையில் அழுத்தி விரித்து, நேர் மேலிருந்து, ஃபிளாஷ் போடாமல் மறுபடி எடுக்கச் சொன்னேன். இந்த முறை எல்லாக் கோடுகளின் நுனியும் தெரிந்தது.

"வெளி ஓரத்துல ரெண்டு கோடு இருக்கு பாரு. எது சுவர், எது சவ்வு?"

"ரெண்டும் ஒண்ணுதானே சித்தி? அழகுக்கு டபுள் லைன் போட்டிருக்காங்க."

பரீட்சையில் பாதிப் பேர் மார்க்கை விடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். வெளியே தடிமனாக இருப்பது செல் சுவர். அது செல்லுலோஸ் நார்களால் ஆனது, விறைப்பானது. தண்ணீரையும் அதில் கரைந்த உப்பையும் தாராளமாக உள்ளே விடும். அதை ஒட்டி உள்பக்கமாக ஓடும் மெல்லிய கோடு செல் சவ்வு. எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று பார்ப்பது இந்தச் சவ்வுதான். விலங்கு செல்லில் சவ்வு மட்டும் உண்டு, சுவர் கிடையாது. இரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் உப்பி வெடித்துவிடுவது அதனால்தான். தாவர செல் வெடிக்காது, சுவர் தாங்கிக்கொள்ளும்.

எதிலிருந்து தாங்க வேண்டும் என்று கேட்டால், படத்தின் நடுவே வெள்ளையாக, ஒன்றுமே இல்லாதது போல் கிடக்கும் பெரிய இடத்தைத்தான் காட்ட வேண்டும். அதன் பெயர் நுண்குமிழ். பெயரில் 'நுண்' இருந்தாலும், முதிர்ந்த தாவர செல்லில் பெரும்பகுதி இதுதான். பல செல்களில் உள்ளிடத்தில் எண்பது, தொண்ணூறு சதவீதத்தைக்கூடப் பிடித்துக்கொள்ளும். அது காலி இடமும் இல்லை. சர்க்கரை, உப்புகள், அமிலங்கள், சில செல்களில் நிறமிகள் கரைந்த சாறு அதில் நிறைந்திருக்கிறது. கரைசல் அடர்த்தியாக இருப்பதால் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். குமிழ் உப்பி, தன்னைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்தையும் சவ்வையும் சுவரோடு வைத்து அழுத்தும். இந்த அழுத்தம் பல செல்களில் கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட அதிகம். கீரைத்தண்டு நிமிர்ந்து நிற்பது இதன் பலத்தில்தான். தண்ணீர் குறைந்தால் தண்டு துவண்டுவிடுகிறது.

இது புரிந்துவிட்டால் படத்தில் மற்றவை ஏன் அங்கங்கே இருக்கின்றன என்பதும் விளங்கிவிடும். விலங்கு செல் படத்தில் உட்கரு ஏறக்குறைய நடுவில் இருக்கும். தாவர செல்லில் ஒரு மூலைக்குப் போய்விட்டதே என்று அவள் கேட்டாள். குமிழ் நடுவை எடுத்துக்கொண்டால் மற்றவை ஓரத்துக்கு ஒதுங்கத்தானே வேண்டும்? சைட்டோபிளாசம், உட்கரு, பசுங்கணிகம் எல்லாம் குமிழுக்கும் சுவருக்கும் இடையே உள்ள மெல்லிய விளிம்பில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

குமிழ் காலியில்லை என்பதைக் கண்ணால் பார்க்க, பள்ளி ஆய்வகத்தில் ஊதாநிறப் பெரிய வெங்காயம் போதும். வெங்காய இதழின் உள்பக்கத் தோலைத்தான் வழக்கமாக உரிப்பார்கள், அதில் நிறம் இருக்காது. இதழின் வெளிப்பக்கத்தில் ஊதாவாக இருக்கும் தோலை மெல்லியதாக உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு செல்லும் ஓரம் வரை ஊதாவாகத் தெரியும். அந்த நிறம் முழுக்க நுண்குமிழின் சாறு. பிறகு அரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, அதில் ஒரு சொட்டைக் கண்ணாடியின் ஓரத்தில் விட வேண்டும். சில நிமிடங்களில் ஊதாப் பகுதி சுருங்கி, சுவரை விட்டு விலகி உள்ளே ஒதுங்கும். செவ்வகச் சுவர் மட்டும் அப்படியே நிற்கும். ஊதாவின் விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் சவ்வு. புத்தகத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கோடுகள் இங்கே தனித்தனியாகப் பிரிந்துவிடும். உடனே வெறும் தண்ணீரை விட்டால் பெரும்பாலான செல்கள் பழையபடி உப்பும். ரொம்ப நேரம் உப்பில் கிடந்தால் செத்துப்போகும், அப்புறம் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் திரும்பாது. தோலைத் தடிமனாக உரித்துவிட்டால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, வெறும் ஊதாக் கறைதான் தெரியும்.

வெங்காயத்தைப் பார்த்த பிள்ளைகள் அடுத்துக் கேட்கும் கேள்வி: "பச்சையா ஒண்ணும் காணோமே?" மண்ணுக்குள் இருந்து உணவைச் சேமிக்கும் இதழில் பசுங்கணிகத்துக்கு வேலை இல்லை. புத்தகப் படத்தில் இருக்கும் செல் எந்தச் செடியிலும் அச்சாக அப்படியே இருப்பதில்லை. பல செல்களில் பார்த்தவற்றை ஒரே சட்டத்தில் சேர்த்து வரைந்த படம் அது. இலைச் செல்லில் பசுங்கணிகங்கள் பத்துக்கணக்கில் இருக்கும், படத்தில் நாலைந்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அளவிலும் படம் கொஞ்சம் ஏமாற்றும். 50 மைக்ரோமீட்டர் நீளமுள்ள செல்லைப் பக்கத்தில் 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு வரைந்தால், அது 2,000 மடங்கு பெரிதாக்கிய படம். அதே கணக்கில் 5 மைக்ரோமீட்டர் பசுங்கணிகம் ஒரு சென்டிமீட்டர் வரும், சரிதான். ஆனால் ஏறக்குறைய 25 நானோமீட்டர் அளவுள்ள ரைபோசோம் 0.05 மில்லிமீட்டர்தான் வரும், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. சவ்வின் கோடு அதையும்விட மெல்லியதாக, 0.02 மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். கணக்குப்படி வரைந்தால் பெயர் குறிக்க ஒன்றும் மிஞ்சாது என்பதால்தான் இவற்றைப் பெரிதாக்கிப் போடுகிறார்கள். பள்ளி நுண்ணோக்கியில் ரைபோசோமைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அதைக் காட்ட எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

கடைசியாக அவள் குழம்பியது பசுங்கணிகத்துக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இடையில். டெஸ்ட் பேப்பரைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துத் தருவார்கள், இரண்டும் முட்டை வடிவம், பச்சை நிறம் உதவாது. உள்ளே பார்க்க வேண்டும். தட்டையான பைகள் அடுக்கடுக்காக இருந்தால் பசுங்கணிகம். உள்சவ்வு மடிந்து மடிந்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் மைட்டோகாண்ட்ரியா. சில மைட்டோகாண்ட்ரியா நீளமாகவும் சில வட்டமாகவும் தெரிவதற்குக் காரணம், படம் ஒரு குறுக்கு வெட்டு. ஒரே உறுப்பு வெட்டுப்படும் கோணத்தைப் பொறுத்து வேறு வேறு உருவத்தில் தெரியும்.

வரையும்போது சுவரை இரட்டைக் கோடாகப் போட்டு, அதன் உள்ளோரத்தை ஒட்டி சவ்வை ஒற்றைக் கோடாக இழுத்து, அடுத்ததாக நுண்குமிழைப் பெரிதாகப் போட்டுவிடச் சொன்னேன். உட்கருவை முதலில் நடுவில் வரைந்துவிட்டால் அப்புறம் குமிழுக்கு இடம் இருக்காது, ரப்பரைத் தேட வேண்டியதுதான். பெயர்க்கோடுகளை ஸ்கேல் வைத்து, ஒன்றையொன்று வெட்டாமல் இழுத்து, நுனி உறுப்பைத் தொடும்படி நிறுத்த வேண்டும். சவ்வுக்குப் போகும் கோடு மட்டும் சுவரைத் தாண்டி உள்ளே போகட்டும்.