தூங்கும் சிசுவை எழுப்ப வேண்டிய நாள்கள்

நிறைமாதத்தில் பிறக்கும் சிசுக்களுள் ஏறத்தாழ 60 வீதமானோருக்கு முதல் வாரத்தில் கண்ணும் தோலும் ஓரளவு மஞ்சள் நிறமாகின்றன. செங்கண்மாரி என்று யாழ்ப்பாணத்தார் கூறும் இந்நிலை பெரும்பாலானோரில் தானாகவே மறைந்துவிடுகிறது. எனினும் அதே வாரத்தில் பிள்ளை பாலுக்கு அழாமல் நீண்ட நேரம் தூங்குமாயின், அத்தூக்கத்தை வயிறு நிறைந்ததன் அறிகுறியாகக் கொள்வதற்கு முன்னர், அது பால் போதாமையால் விளைந்த சோர்வா என்று பார்க்க வேண்டியுள்ளது. மருத்துவ வசதியை எட்டுவதற்குக் கடலைக் கடக்க வேண்டிய நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இக்கேள்விக்கு நகரத்தைவிடச் சற்று முன்கூட்டியே விடை காண வேண்டியிருக்கிறது.

மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பொருள் பிலிரூபின் எனப்படுகிறது. குருதியின் செங்கலங்கள் ஆயுள் முடிந்து சிதையும்போது அவற்றிலுள்ள செந்நிறப் பொருளிலிருந்து இது உண்டாகிறது. வளர்ந்தவர்களில் ஒரு செங்கலம் ஏறத்தாழ 120 நாள்கள் வாழ, சிசுவின் செங்கலமோ 70 முதல் 90 நாள்களே வாழ்கிறது. அவற்றின் எண்ணிக்கையும் சிசுவில் அதிகம் என்பதால் சிதைவும் அதிகமாகிறது. பிலிரூபினை நீரில் கரையும் வடிவத்துக்கு மாற்றிப் பித்தத்துடன் குடலுக்கு அனுப்புவது ஈரலின் வேலையாயினும், பிறந்த முதல் நாள்களில் அதற்குரிய நொதியம் மிகக் குறைந்த அளவிலேயே இயங்குகிறது. எனவே பிறந்த மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் மஞ்சள் உச்சத்தை அடைகிறது.

பால் குடித்தல் இக்கதையில் நுழையும் இடம் குடலாகும். ஈரல் எவ்வாறோ மாற்றி அனுப்பிய பிலிரூபின் மலத்துடன் வெளியேறாமல் குடலிலேயே தங்கினால், அங்குள்ள இன்னொரு நொதியம் அதைப் பழைய வடிவத்துக்குத் திருப்பிவிட, அது மீண்டும் குருதிக்குள் உறிஞ்சப்படுகிறது. பிறந்தவுடன் கழியும் கரும்பச்சை நிறப் பிசுபிசுப்பான முதல் மலத்தில் பிலிரூபின் நிறைந்திருப்பதால், அது விரைவில் வெளியேறுவது முக்கியமாகும். அதை வெளியேற்றுவது அடிக்கடி உள்ளே செல்லும் பாலே. பால் குறைந்தால் மலம் குறைகிறது, மலம் குறைந்தால் குருதியில் மஞ்சள் ஏறுகிறது, மஞ்சள் ஏறினால் பிள்ளைக்குத் தூக்கம் கூடுகிறது, தூக்கம் கூடினால் பால் இன்னும் குறைகிறது. பிள்ளை தானாக விழித்து அழுவதற்குக் காத்திருக்கும் தாய், இச்சுழல் தானாக அறுபடும் என்று எதிர்பார்க்கிறாள் என்பதே பொருள்.

1982இல் அமெரிக்காவில் தாய்ப்பாலூட்டும் 55 தாய்மாரைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வில், முதல் நாள்களில் ஒரு நாளைக்கு எட்டுத் தடவைக்கு மேல் பால் குடித்த சிசுக்களின் சராசரி பிலிரூபின் ஒரு டெசிலீற்றருக்கு 6.5 மில்லிகிராமாகவும், எட்டுத் தடவையோ அதற்குக் குறைவாகவோ குடித்தவர்களில் 9.3 மில்லிகிராமாகவும் இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆயினும் 24 மணித்தியாலத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை என்று இன்று எங்கும் கூறப்படும் அறிவுரையுடன் அது பொருந்திப் போகிறது. மஞ்சள் ஏறிய பிள்ளைக்கும் எடை ஏறாத பிள்ளைக்கும் இவ்வறிவுரை நடைமுறையில் இரண்டு முதல் மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும் தவறாமல், என்றாகிறது. இவ்விடைவெளியை ஒரு பாலூட்டல் தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்தது தொடங்கும் நேரம் வரை கணக்கிட வேண்டும். முடிந்த நேரத்திலிருந்து கணக்கிட்டால், மெதுவாகக் குடிக்கும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு இரண்டு தடவை அறியாமலே குறைந்துபோகிறது.

எழுப்புவதற்கு ஏற்ற நேரமும் உண்டு. சிசுவின் தூக்கம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலச் சுற்றாக ஆழ்ந்த தூக்கத்துக்கும் மெல்லிய தூக்கத்துக்கும் இடையில் மாறி வருகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் முகம் அசைவற்றிருக்கும், மூச்சு சீராக இருக்கும், தூக்கிவிட்ட கை தொய்ந்து விழும். அப்போது எவ்வளவு முயன்றாலும் பலன் குறைவு. மூடிய இமைக்குள் விழி அசைவதும், உதடு சப்புவதும், விரல்கள் வாயை நோக்கி வருவதும் மெல்லிய தூக்கத்தின் அடையாளங்களாதலால், குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே இவற்றைக் கவனித்திருந்து எழுப்புவது எளிது. ஏணையில் கிடக்கும் பிள்ளையில் இவை எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சேலைத்துணி உடலைச் சுற்றி அணைத்து நிற்பதாலும் ஆட்டம் தொடர்வதாலும் தூக்கம் நீளவும் செய்கிறது. மஞ்சள் தணியும் வரையாவது பிள்ளையை ஏணையில் விடாமல், தாயின் அருகில் தட்டையான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவது நல்லது.

எழுப்பும்போது முதலில் சுற்றியிருக்கும் துணியை அவிழ்த்து, நனைந்த துணியை மாற்றி, பிள்ளையை வெறும் உடலோடு தாயின் மார்பில் தோலோடு தோல் படுமாறு நிமிர்த்திச் சாய்த்து, முதுகை மட்டும் ஒரு துணியால் மூட வேண்டும். பிரகாசமான விளக்கு கண்ணில் பட்டால் பிள்ளை இமையை இறுக மூடிக்கொள்வதால் வெளிச்சத்தைக் குறைப்பதும், முதுகெலும்பின் இருபுறமும் உள்ளங்காலிலும் விரலால் தேய்ப்பதும் உதவும். குளிர்நீரைத் தெளிக்கக் கூடாது. உடல் குளிர்ந்த சிசு மேலும் சோர்கிறது. மார்பில் பிடித்த பின்னரும் நாலைந்து இழுப்பில் பிள்ளை மீண்டும் தூங்கிவிடுவதே பெரும்பாலும் நேரும் சிக்கலாகும். விழுங்கும் சத்தம் நின்று, தாடை வெறுமனே நடுங்கத் தொடங்கும்போது, தாய் மார்பைப் பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் பிடித்து மெல்ல அழுத்தினால் பால் மீண்டும் பாய்ந்து விழுங்கல் தொடங்குகிறது. அதுவும் பலிக்காதபோது மறுமார்புக்கு மாற்றலாம். வாயில் மார்பு இருந்த நிமிடங்களைவிட விழுங்கிய தடவைகளே கணக்கில் வரும்.

நெடுந்தீவைச் சேர்ந்த ஒரு தாய்க்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் 37ஆவது வாரத்தில் 2,800 கிராம் எடையுடன் பிள்ளை பிறந்து, இரண்டாம் நாள் வீடு திரும்பியதாக எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளலாம். 37ஆவது வாரம் என்பதே முதற்கவனத்துக்குரியது. முழுவளர்ச்சி பெற்ற பிள்ளைபோலத் தோன்றினும், இவ்வெல்லையில் பிறப்பவர்கள் 40 வாரத்தில் பிறப்பவர்களைவிடச் சோர்வாகவும் மெதுவாகவும் குடிக்கின்றனர். நான்காம் நாள் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரின் தராசு 2,550 கிராம் காட்டுகிறது. இழப்பு 250 கிராம், அதாவது ஏறத்தாழ 9 வீதம். முதல் நாள்களில் 7 வீதம் வரையான இழப்பு இயல்பு. 10 வீதத்தைத் தாண்டினால் வைத்தியரின் மதிப்பீடு கட்டாயம். இப்பிள்ளை இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. முந்தைய 24 மணித்தியாலத்தில் ஆறு தடவையே குடித்திருக்கிறது, மூன்று துணிகளே நனைந்திருக்கின்றன, மலம் இன்னும் கரும்பச்சை. துடக்கு வீட்டு அறையின் மங்கலில் மஞ்சள் தெரியவில்லை. யன்னலருகே கொண்டுவந்து நெற்றியையும் மார்பையும் வயிற்றையும் விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்கும்போது வயிறு வரை மஞ்சள் தெரிகிறது. கண்ணால் பார்த்து அளவைக் கூற முடியாது என்பதால் அன்றே குருதிப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டு, ஒளிச்சிகிச்சை தேவைப்படும் அளவுக்குக் கீழே பிலிரூபின் இருப்பது உறுதியாகிறது.

இதன்பின் திட்டம் எளியது. இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுப்பி இரு மார்பிலும் ஊட்டுதல். அதன்பின், மார்பிலிருந்து கையால் பீய்ச்சி எடுத்த பாலில் 15 முதல் 20 மில்லிலீற்றரைச் சங்காலோ சிறு கோப்பையாலோ கொடுத்தல். முழுவதையும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துத் தாயும் பிள்ளையும் ஓய்தல். கோப்பையைக் கீழுதட்டில் சாய்த்துப் பிள்ளை தானே நக்கியும் உறிஞ்சியும் எடுக்க விட வேண்டும். விழிக்காத பிள்ளையின் வாயில் ஊற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஐந்தாம் நாள் 2,560, ஆறாம் நாள் 2,590 என்று எடை திரும்பி, மலம் மஞ்சளாகி, ஆறு துணிகள் நனைந்தால் திட்டம் பலிக்கிறது என்று பொருள். அதன்பின் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் ஏறினால், இரண்டாம் வார இறுதிக்குள் பிறந்த எடை மீண்டுவிடும்.

இத்திட்டத்தை அன்போடு கெடுக்கும் இரு வழக்கங்களைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று, மஞ்சளைக் கழுவிவிடும் என்று சீனித்தண்ணீரோ கொதித்தாறிய நீரோ கொடுப்பது. நீர் பிலிரூபினைக் குறைப்பதில்லை, சிறிய வயிற்றை நிரப்பிப் பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மற்றது காலை வெயில். நீலநிற ஒளி பிலிரூபினை மாற்றுகிறது என்ற உண்மை இங்கிலாந்தின் ரொச்போர்ட் வைத்தியசாலையில் 1950களில் வெயில்பட்ட சிசுவின் தோல் வெளிறியதைத் தாதி ஒருவர் கவனித்ததிலிருந்தே வளர்ந்தது என்பதால், வெயிலில் காட்டும் பாட்டிமாரைக் கேலி செய்ய இடமில்லை. ஆனால் அளவு அறிய முடியாத வெயில், அளவு அறிந்த ஒளிச்சிகிச்சைக்கு ஈடாகாது. தீவக வெயிலில் பிள்ளை வெப்பமேறி நீரிழக்கவும் கூடும்.

எழுப்பும் முயற்சிக்கு ஓர் எல்லை உண்டு. ஆழ்ந்த தூக்கத்திலிருந்த பிள்ளை அரை மணித்தியாலம் கழித்து மீண்டும் முயலும்போது விழிக்கும். அப்போதும் விழிக்காத, அல்லது விழித்தும் சப்பாத பிள்ளைக்குத் தேவை வைத்தியசாலையே. தொய்ந்த உடல், கீச்சென்ற அழுகை, வில்லாக வளையும் முதுகு, காய்ச்சல் அல்லது குளிர்ந்த உடல், உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவிய மஞ்சள், பிறந்த முதல் 24 மணித்தியாலத்திலேயே தோன்றிய மஞ்சள் ஆகியவற்றுள் எதுவும் காத்திருக்கத் தக்கதன்று; மிகையான பிலிரூபின் மூளைக்குள் புகுந்தால் விளையும் சேதம் மீளாதது. ஊர்காவற்றுறையில் உள்ளவர்களுக்கு ஆதார வைத்தியசாலையும் தரைவழிப் பாதையும் உண்டு. நெடுந்தீவிலிருந்தோ குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலமும் அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழிப் பயணமும் ஆகும்; காற்றடிக்கும் நாளில் படகே ஓடாது. அவசர நோயாளரைக் கடற்படைப் படகில் கொண்டுசெல்வதும் உண்டெனினும், பிற்பகலில் இரண்டு பாலூட்டல்கள் தொடர்ந்து தவறிய பிள்ளையை இரவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், உடனே தீவு வைத்தியசாலையில் காட்டி, அன்றைய கடைசிப் படகுக்கு முன் முடிவெடுப்பதே சரி.

பிறந்த எடை மீண்டு, மஞ்சள் இறங்கி, பகலில் பிள்ளை தானாகவே எழுந்து குடிக்கத் தொடங்கியபின் இரவில் எழுப்ப வேண்டியதில்லை. நாலைந்து மணித்தியாலத் தூக்கம் அப்போது தீங்கானதன்று. 14 நாள்களுக்குப் பின்னரும் மஞ்சள் நீடித்தால், எடை ஏறினாலும், குருதிப் பரிசோதனை செய்விக்க வேண்டும். மலம் சுண்ணாம்பு நிறத்தில் வெளிறியிருந்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கக் கூடும் என்பதால் அதற்கு முன்னரே செய்விக்க வேண்டும்.